ஆர் ஸ்கொயர் 0.64 என்றால் எதில் 64 சதவீதம்?

கேள்வி: "வாரத்துக்கு எத்தனை மணி நேரம் படித்தார்கள் என்பதையும் தேர்வு மதிப்பெண்ணையும் வைத்து எக்செல்லில் கோடு போட்டேன். R² = 0.64 என்று வந்தது. மதிப்பெண்ணில் 64 சதவீதம் படிப்பால் வந்தது என்று ரிப்போர்ட்டில் எழுதலாமா?"

அப்படி எழுத வேண்டாம். அந்த 64 சதவீதம் எந்த மாணவருடைய மதிப்பெண்ணின் பங்கும் அன்று. ஒருவருக்கும் இன்னொருவருக்கும் இடையே மதிப்பெண் கூடியும் குறைந்தும் இருக்கிறதே, அந்த மாறுபாட்டின் பங்கு. "இந்த மாணவர்களின் மதிப்பெண்களில் காணப்படும் மாறுபாட்டில் 64 சதவீதம், அவர்கள் படித்த நேரத்தில் உள்ள வேறுபாட்டைக் கொண்டு விளக்கப்படுகிறது" என்று எழுதினால் சரியாக இருக்கும். கல்லூரியில் புள்ளியியல் பாடம் எடுக்கிறேன்; மாணவர்களின் ஆய்வு அறிக்கைகளில் நான் மிக அதிகமாகத் திருத்தும் வாக்கியங்களில் இதுவும் ஒன்று என்பதால், இந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு சிறிய கணக்கின் மூலம் காட்டிவிடுகிறேன்.

உங்களுக்கு வந்த அதே விடை வரும்படி ஐந்து மாணவர்களை எடுத்துக்கொள்வோம். அவர்கள் வாரத்துக்கு 2, 4, 6, 8, 10 மணி நேரம் படிக்கிறார்கள். பெற்ற மதிப்பெண்கள் முறையே 49, 62, 60, 58, 71. இவற்றின் சராசரி 60. யார் எவ்வளவு நேரம் படித்தார் என்பது தெரியாத நிலையில் ஒவ்வொருவருடைய மதிப்பெண்ணையும் ஊகிக்கச் சொன்னால், எல்லோருக்கும் 60 என்று சொல்வதைவிட நல்ல வழி நமக்கு இல்லை. அப்படிச் சொன்னால் முதல் மாணவரிடம் 11 மதிப்பெண்ணும், இரண்டாமவரிடம் 2 மதிப்பெண்ணும் தவறும். மூன்றாமவரிடம் தவறு இல்லை. நான்காமவரிடம் மீண்டும் 2, ஐந்தாமவரிடம் 11. கூடுதல், குறைவு என்ற குறிகளோடு கூட்டினால் இந்த விலக்கங்கள் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு பூஜ்யமாகிவிடும் என்பதால், ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டுகிறோம். 121, 4, 0, 4, 121 ஆகியவற்றின் கூடுதல் 250. "மொத்த மாறுபாடு" என்று இங்கே சொல்லப்படுவது இந்த 250 மட்டுமே.

இப்போது படித்த நேரமும் நமக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஐந்து புள்ளிகளுக்கும் எக்செல் போடும் கோடு, மதிப்பெண் = 48 + 2 × மணி நேரம் என்பதாகும். அதன்படி ஊகங்கள் 52, 56, 60, 64, 68 என வரும். உண்மையான மதிப்பெண்களோடு ஒப்பிட்டால் 3, 6, 0, 6, 3 என்ற அளவில் தவறுகிறோம். இவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 90. ஆக, நேரம் தெரியாதபோது 250 ஆக இருந்த தவறு, நேரம் தெரிந்தபின் 90 ஆகக் குறைந்திருக்கிறது. குறைந்தது 160, 250-இல் 160 என்பது 64 சதவீதம். "விளக்கப்பட்டது" என்ற சொல்லுக்கு இந்தக் கணக்கில் இருக்கும் பொருள் இவ்வளவுதான்: ஊகத்தில் இருந்த தவறு அந்த அளவுக்குச் சுருங்கியிருக்கிறது.

இது தனி ஒருவருடைய மதிப்பெண்ணைப் பற்றிய செய்தி அன்று என்பதை இதே எண்களில் காணலாம். 4 மணி நேரம் படித்து 62 வாங்கியவரைப் பாருங்கள். சராசரியைச் சொல்லியிருந்தால் அவரிடம் 2 மதிப்பெண்தான் தவறியிருப்போம்; கோட்டை நம்பியதால் 6 தவறுகிறோம். 8 மணி நேரம் படித்து 58 வாங்கியவரிடமும் அதே நிலைதான். ஐந்து பேரில் இருவருக்குக் கோடு நிலைமையை மோசமாக்கியிருக்கிறது. ஆனாலும் குழு முழுவதற்குமான கணக்கு 64 சதவீதம் என்றே வருகிறது, ஏனென்றால் இரு ஓரங்களிலும் இருக்கும் மாணவர்களிடம் 11 ஆக இருந்த தவறு 3 ஆகக் குறைந்தது மற்ற எல்லாவற்றையும் விடப் பெரியது. ஆகவே 71 வாங்கிய மாணவரிடம் சென்று, உன் மதிப்பெண்ணில் ஏறத்தாழ 45 படிப்பால் வந்தது, மீதி வேறு எதனாலோ வந்தது என்று சொல்ல இந்தக் கணக்கில் எந்த ஆதாரமும் இல்லை. நூற்றுக்கு 64 மாணவர்களுக்கு ஊகம் சரியாக வரும் என்பதும் இதே அளவுக்குத் தவறான வாசிப்பு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 64 சதவீதம் குறைந்தது வர்க்கங்களின் கூடுதல். மதிப்பெண் அளவில் பார்த்தால் குறைவு அவ்வளவு பெரியது இல்லை. 250-ஐ ஐந்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 7.1, 90-ஐ அப்படியே செய்தால் சுமார் 4.2. அதாவது, முன்பு ஏறத்தாழ 7 மதிப்பெண் அளவில் தவறிக்கொண்டிருந்த நாம் இப்போது 4 மதிப்பெண் அளவில் தவறுகிறோம். சுருக்கம் 40 சதவீதம்தான். இந்த 7-ம் 4-ம் படிப்பவருக்கு உடனே புரியும் என்பதால், சதவீதத்துக்குப் பக்கத்திலேயே இவற்றையும் எழுதிவிடுவது நல்லது என்பது என் கருத்து.

மீதி 36 சதவீதத்தை அதிர்ஷ்டத்தின் கணக்கில் எழுதிவிடுகிறவர்களும் உண்டு. முன்பே இருந்த அடிப்படை அறிவு, தேர்வு நாளின் உடல்நிலை, வினாத்தாள் அமைந்த விதம் என நாம் அளக்காத எல்லாமே அதற்குள் இருக்கின்றன. மாணவர்கள் தாங்கள் படித்த நேரத்தைக் கூட்டியோ குறைத்தோ சொல்லியிருந்தால், அந்தப் பிழையும் பொதுவாக அங்கேதான் போய்ச் சேரும். மறுபுறம், விளக்கப்பட்ட 64 சதவீதமும் முழுக்கப் படிப்பின் விளைவு என்று கொள்ள முடியாது. அதிக நேரம் படிப்பவர்களே டியூஷனுக்கும் போகிறவர்களாக, வீட்டில் அமைதியான இடம் கிடைத்தவர்களாக இருந்தால், அவற்றால் வந்த வேறுபாடும் நேரத்தின் கணக்கில் சேர்ந்தே பதிவாகியிருக்கும். கோட்டுக்கு அதைப் பிரித்தறியும் வழி இல்லை.

ஆர் ஸ்கொயர் நீங்கள் எடுத்துக்கொண்ட மாணவர்களைப் பெரிதும் சார்ந்தது என்பதைத்தான் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நேரத்தை A நெடுவரிசையிலும் மதிப்பெண்ணை B நெடுவரிசையிலும், இரண்டாம் வரிசையில் தொடங்கி உள்ளிட்டு, இந்தச் சூத்திரங்களைப் போட்டுப் பாருங்கள்.

```
=RSQ(B2:B6, A2:A6)
=RSQ(B3:B5, A3:A5)
=SLOPE(B3:B5, A3:A5)
```

முதலாவது 0.64 தரும். இரண்டாவது, முதல் மாணவரையும் கடைசி மாணவரையும் விட்டுவிட்டு நடுவில் உள்ள மூவரை மட்டும் எடுக்கிறது. விடை 1, அதாவது 100 சதவீதம். மூன்றாவது, அந்த மூவருக்கான கோட்டின் சாய்வைத் தருகிறது, அது -1. 4, 6, 8 மணி நேரத்துக்கு 62, 60, 58 என்று மதிப்பெண் சீராக இறங்குவதால், ஒரு மணி நேரம் கூடுதலாகப் படித்தால் ஒரு மதிப்பெண் குறையும் என்று கோடு சொல்கிறது. ஆர் ஸ்கொயரோ அதை முழுமையாக விளக்கப்பட்டதாகக் காட்டுகிறது. வர்க்கப்படுத்தும்போது குறி மறைந்துவிடுவதால், கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்பது இந்த எண்ணைப் பார்த்துத் தெரியாது. அதனால் சாய்வையும், எத்தனை மாணவர்கள் என்பதையும், படித்த நேரம் எந்த எல்லைக்குள் இருந்தது என்பதையும் கட்டாயம் சேர்த்து எழுதுங்கள். மூன்று, ஐந்து புள்ளிகள் விளக்கத்துக்குப் போதும். முடிவு சொல்லப் போதாது.

எல்லோரும் சரியாக 6 மணி நேரம் படிக்கும் ஒரு விடுதி வகுப்பை எடுத்தால், RSQ உங்களுக்கு எண் எதுவும் தராமல் #DIV/0! என்று காட்டும். அந்த வகுப்பில் படிப்பு பயன்படவில்லை என்று அதற்குப் பொருள் இல்லை. ஒவ்வொருவர் மதிப்பெண்ணுக்கும் அந்த 6 மணி நேரம் பெரிய காரணமாக இருக்கலாம். நேரத்தில் வேறுபாடே இல்லாததால், மதிப்பெண்ணில் உள்ள வேறுபாட்டை அதைக் கொண்டு விளக்க முடியவில்லை, அவ்வளவுதான்.