வட்டி பூச்சியமானால் அச்சடித்த பணம் ஏன் உற்பத்தியைக் கூட்டாது?

கேள்வி: மத்திய வங்கி காசை அச்சடித்தால் விலைவாசி ஏறுவதை 2022இல் கொழும்பில் பார்த்தோம். யப்பானில் மட்டும் ஏன் ஒன்றும் நடக்கவில்லை?

பதில்: மத்திய வங்கி காசைச் சும்மா கொடுப்பதில்லை. அரசு குறுகிய காலக் கடனுக்காக விற்கும் திறைசேரி உண்டியலை வங்கிகளிடமிருந்து வாங்கிக்கொண்டுதான் கொடுக்கிறது. ஒரு வருடத்தில் 100 ரூபா தரும் உண்டியல் ஒன்றை எடுங்கள். வட்டி 10 வீதம் என்றால் இன்று அதன் விலை ஏறத்தாழ 91 ரூபா. மத்திய வங்கி வாங்க வாங்க விலை ஏறும், வட்டி இறங்கும். கடன் மலிவாகும். புறக்கோட்டைக் கடைக்காரர் புதுச் சரக்கு எடுப்பார், உற்பத்தி கூடும்.

வட்டி பூச்சியமானால் அதே உண்டியலின் விலை 100 ரூபா. 100 ரூபாத் தாளும் அதுவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வங்கி ஒன்றைக் கொடுத்து மற்றதை வாங்கிப் பெட்டிக்குள் வைக்கும். வட்டி மேலும் இறங்க இடமில்லை, அதனால் புதிதாகக் கடன் கேட்கவும் ஆள் வராது. இதைத்தான் திரவத்தன்மைப் பொறி என்கிறோம்.

யப்பானில் நடந்தது இதுவே. 2001 மார்ச்சில் வங்கிகள் மத்திய வங்கியில் வைத்திருக்கும் இருப்புக்கு 5 டிரில்லியன் யென் இலக்கு வைத்தார்கள். 2004இல் அது 30 முதல் 35 டிரில்லியன். ஆனாலும் அந்த வருடங்களில் வங்கிக் கடன் சுருங்கியது. கம்பனிகள் பழைய கடனை அடைப்பதிலேயே குறியாக இருந்தன.

நம் 2022 வேறு கதை. மத்திய வங்கி வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் கொள்கை வட்டி அந்த வருட யூலையில் 15.5 வீதமானது, அச்சடித்த பணம் அரசின் செலவாக நேரே சந்தைக்கு வந்தது, டொலரும் இல்லை.