ஐயாயிரம் ரூபாய்க்கு 'இஸ்'ஸா, 'ஆர்'ரா?

கேள்வி: '5000 ருபீஸ் ஆர் இனஃப்' எண்டு மகள் எழுத, ரீச்சர் 'இஸ்' எண்டு திருத்தியிருக்கிறா. 'ரென் இயர்ஸ் ஓல்ட் கேர்ள்' எண்டதிலும் 'ஸ்'ஐ வெட்டியிருக்கிறா. ஏன்?

ரீச்சர் திருத்தினது இரண்டும் சரி. 5000 ரூபாய் அங்கே ஒரே தொகை, தாள்களை எண்ணவில்லை. பருத்தித்துறை பஸ்ஸில் போகும் தூரத்துக்கும் நேரத்துக்கும் இதேதான்: 'ருவென்ரி மைல்ஸ் இஸ் ஃபார்', 'த்ரீ அவர்ஸ் இஸ் ரூ லோங்'. ஆனால் ஆண்டுகள் ஒவ்வொன்றாகக் கழிந்ததைச் சொன்னால் பன்மை வரும்: 'ரென் இயர்ஸ் ஹாவ் பாஸ்ட்'. பிள்ளைகள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

மற்றது, பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அடைமொழியாக நின்றால் 'ஸ்' விழுந்து, இடையில் சிறுகோடு வரும்: 'எ ரென்-இயர்-ஓல்ட் கேர்ள்', 'எ ஃபைவ்-மைல் வோக்'. வினைக்குப் பின்னால் வந்தால் 'ஸ்' நிற்கும், கோடு வராது: 'ஷீ இஸ் ரென் இயர்ஸ் ஓல்ட்'.