மினிமம் டியூ தவறாமல் கட்டியும் கார்டு கடன் ஏறுவது ஏன்?

கேள்வி: ஒரு வருஷத்துக்கு முன்னால் மகளின் கல்லூரிக் கட்டணம் 80,000 ரூபாயை கிரெடிட் கார்டில் கட்டினேன். அதன்பிறகு பில்லில் போட்டிருக்கும் மினிமம் டியூவை ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டி வருகிறேன். இதுவரை 56,000 கட்டியாயிற்று. மளிகை, பெட்ரோல் என்று மாதம் 3,000 ரூபாய்க்கு அதே கார்டைத் தேய்ப்பேன், அவ்வளவுதான். இப்போது பாக்கி 1,07,000 என்கிறார்கள். இவ்வளவு வட்டி வாங்க சட்டம் அனுமதிக்கிறதா? வழக்குப் போடலாமா? இல்லை, கட்டுவதையே நிறுத்திவிடலாமா? - வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: வட்டி அதிகம் என்று வழக்குப் போட்டால் நிற்காது. கட்டுவதை நிறுத்தினால் நஷ்டம் உங்களுக்குத்தான். ஆனால் இந்தக் கடனிலிருந்து வெளியே வர வழி இருக்கிறது. அதற்கு முன்னால் உங்கள் பணம் எங்கே போனது என்பதைப் பார்த்துவிடுவோம்.

பெரும்பாலான கார்டுகளில் வட்டி மாதம் 3.5 சதவீதத்தை ஒட்டி இருக்கும், அதாவது வருஷத்துக்கு 42. அந்த வட்டிக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. உங்கள் கணக்கும் இந்த விகிதத்துக்கு ஒத்துவருகிறது. முதல் மாதம் 80,000க்கு வட்டி 2,800, ஜிஎஸ்டி 504. மினிமம் டியூ பாக்கியில் 5 சதவீதம் என்றால் நீங்கள் கட்டியது 4,000. அது முதலில் வரிக்கும் வட்டிக்கும் போகும். மிச்சமிருந்த 696 ரூபாய்தான் அசலில் கழிந்தது. அதே மாதத்தில் புதிதாக 3,000 ரூபாய்க்குத் தேய்த்தீர்கள். ஆக, 4,000 ரூபாய் கட்டிய மாதத்திலேயே கடன் 2,300 ரூபாய்க்கு மேல் கூடிவிட்டது.

இதில் பலருக்குத் தெரியாத இன்னொரு இழப்பும் இருக்கிறது. பில்லை முழுதாகக் கட்டுகிறவருக்குத்தான் வட்டியில்லாத 45, 50 நாள் அவகாசம். போன மாதப் பாக்கியில் கொஞ்சம் நின்றாலும் அந்தச் சலுகை போய்விடும். அப்புறம் வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் தேய்த்த அன்றைக்கே வட்டி ஓடத் தொடங்கும். 1,500 ரூபாய் மளிகைக்கு நாளொன்றுக்கு 1 ரூபாய் 73 காசு, அதன் மேல் ஜிஎஸ்டி. புதுச்சேரி எல்லைக்குள் போய் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவாகப் பெட்ரோல் போடுகிறவர்கள் கடலூரில் நிறையப் பேர். அப்படிப் போடுகிற பெட்ரோலை இந்தக் கார்டில் போட்டால், மிச்சம் பிடித்த காசு சில மாதங்களில் வட்டியாகவே போய்விடும்.

12 மாதத்துக்கும் இப்படியே கணக்குப் போட்டால் வட்டியும் ஜிஎஸ்டியுமாக ஏறத்தாழ 47,000 வருகிறது. நீங்கள் கட்டியது 56,000, புதிதாக வாங்கியது 36,000. கூட்டிக் கழித்தால் பாக்கி 1,07,000 ரூபாயில் வந்து நிற்கிறது. வங்கியின் கணக்கில் தவறு இருப்பதாகத் தெரியவில்லை. மினிமம் டியூ என்பது தாமதக் கட்டணம் விழாமலும் கட்டத் தவறியவர் என்ற பெயர் வராமலும் காக்கும் தொகை மட்டுமே. கடனை அடைக்கும் தவணை அல்ல. இன்றோடு கார்டைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, குறைந்துகொண்டே வரும் அந்த 5 சதவீதத்தை மட்டும் கட்டி வந்தாலும் 1,07,000 பாதியாகக் குறைய ஆறரை வருஷம் பிடிக்கும்.

இனி சட்டம். 30 சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொன்னது உண்மை. இன்றும் பலர் அதை நம்பித்தான் வருகிறார்கள். ஆனால் 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. வங்கி வாங்கும் வட்டி அதிகம் என்ற காரணத்துக்காக நீதிமன்றம் கடன் கணக்கை மறுபடி திறந்து ஆராய முடியாது என்று வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 21ஏ பிரிவும் சொல்கிறது. மாநிலக் கடன் சட்டங்களுக்கும் மேலாக அந்தப் பிரிவு நிற்கும்.

வட்டி விகிதத்தைக் கேள்வி கேட்க முடியாவிட்டாலும், அதைப் போட்ட முறையைக் கேட்கலாம். ரிசர்வ் வங்கியின் கார்டு விதிகள் இதில் உங்கள் பக்கம். கட்டாத கட்டணங்களையும் வரிகளையும் அசலோடு சேர்த்து அதற்கு வட்டி போடக் கூடாது. மினிமம் டியூ கட்டியும் வட்டியின் காரணமாகவே அசல் ஏறும்படி அந்தத் தொகையை நிர்ணயிக்கக் கூடாது. கடைசி மூன்று பில்களை எடுத்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் பாருங்கள். கெடு தேதிக்குள் மினிமம் கட்டிய மாதத்தில் தாமதக் கட்டணம் இருக்கிறதா? நீங்கள் கேட்காத இன்சூரன்ஸ் பிரீமியம் ஏதாவது சத்தமில்லாமல் பிடித்திருக்கிறார்களா? இருந்தால் வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு ஈமெயில் அனுப்புங்கள். போனில் பேசியது எதற்கும் உதவாது. 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் செலவில்லாமல் புகார் செய்யலாம். அதை நீங்களோ, நீங்கள் அதிகாரம் கொடுத்த ஒருவரோ செய்யலாம். உங்களுக்காக வக்கீல் அங்கே புகார் கொடுக்க முடியாது.

கட்டுவதை நிறுத்தினால் மாதாமாதம் தாமதக் கட்டணம் சேரும். கெடு முடிந்து மூன்று நாளைத் தாண்டினால் கிரெடிட் அறிக்கையில் ஏறிவிடும். பிறகு ஒரு தொகை பேசி முடித்தாலும் 'செட்டில்டு' என்ற குறிப்பு விழும். மகளுக்குக் கல்விக் கடன் கேட்கும்போது அது குறுக்கே வரும்.

ஆகவே முதலில் அந்தக் கார்டில் புதுச் செலவை அடியோடு நிறுத்துங்கள். தானாகக் கழியும் சந்தாக்களையும் வேறு கணக்குக்கு மாற்றுங்கள். அடுத்து, மொத்தப் பாக்கியையும் இஎம்ஐ ஆக மாற்றித் தரும்படி வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். 18 சதவீத வட்டியில் 24 மாதம் கிடைத்தால் தவணை ஏறத்தாழ 5,340, வட்டிக்கு ஜிஎஸ்டி தனி. நீங்கள் இப்போது கட்டும் மினிமமும் இதே அளவுதான். ஆனால் இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து வட்டியும் ஜிஎஸ்டியும் ஏறத்தாழ 25,000 ரூபாயோடு முடிந்துவிடும். பிராசஸிங் கட்டணம் எவ்வளவு, முன்கூட்டி அடைத்தால் அபராதம் உண்டா என்பதை ஒப்புக்கொள்ளும் முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள்.

வீட்டில் நகை இருந்தால் என் யோசனை வேறு. கூட்டுறவு வங்கி நகைக்கடன் வட்டி கார்டு வட்டியில் மூன்றில் ஒரு பங்குகூட வராது, கடன் வட்டிக்கு ஜிஎஸ்டியும் கிடையாது. அந்தப் பணத்தில் கார்டை ஒரேயடியாக அடைத்துவிட்டு நகைக்கடனை மாதாமாதம் குறைத்து வாருங்கள். கார்டில் பாக்கி பூஜ்யமானதும் அதை மூடச் சொல்லி ஈமெயில் அனுப்புங்கள். ஏழு வேலை நாளில் மூட வேண்டும். தவறினால், மூடும்வரை நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும்.