வேலை இல்லாத கதிரை

வணக்கம் அக்கா. நான் யாழ்ப்பாண மாவட்டத்தில் ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். திட்டமிடல் பிரிவில் இருக்கிறேன். உண்மையைச் சொன்னால் ஒரு நாளைக்கு ஒரு மணித்தியால வேலைதான். மாத முன்னேற்ற அறிக்கையை ஐந்து மணித்தியாலத்தில் முடிக்கலாம், நான் நாலு நாள் இழுப்பேன். ஆரும் வந்தால் எக்ஸெல் திறந்திருக்கும். போன மாதம் சின்னக் கூட்டுத்தொகையில்கூடப் பிழை விட்டேன். பின்னேரம் வீட்டுக்கு வந்தால் உடம்பு அடிச்சுப் போட்டதுபோல. வேலையே செய்யாமல் எப்படி இந்தக் களைப்பு? அம்மாவிடம்கூடச் சொல்ல ஏலாது. அரசாங்க உத்தியோகம் கிடைச்சதே பெரிய விஷயம் என்பா.
— ர.

அன்புள்ள ர.,

கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்பது எங்கள் ஊர்ச் சொல். மேய்க்கக் கோழியே இல்லாவிட்டால் என்ன செய்வது என்று அதைச் சொன்னவர்கள் யோசிக்கவில்லை.

வேலை கூடி எரிந்துபோவதை பர்ன்-அவுட் என்கிறார்கள். அதற்கு எதிர்ப்பக்கத்து நிலைக்கு 2007 இல் சுவிற்சர்லாந்து ஆலோசகர்கள் இருவர் போர்-அவுட் என்று பெயர் வைத்தார்கள். (தமிழில் எழுதினால் எங்களுக்கு வேறு போர் நினைவு வரும். எங்களிடம் உள்ள ‘அலுப்பு’ களைப்பையும் சலிப்பையும் ஒன்றாகச் சொல்கிற நல்ல சொல்.) திறமைக்குக் குறைந்த வேலை, அதில் நாட்டமின்மை, சலிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் அது என்றார்கள். அவர்கள் கவனித்த இன்னொன்றுதான் உங்களுக்கு முக்கியம்: இந்த நிலையில் உள்ளவர் அதை ஒளிக்கிறார். வேலையை இழுக்கிறார், திரையில் எதையாவது திறந்து வைக்கிறார், நேரத்தோடு வந்து பிந்திப் போகிறார்.

உங்கள் களைப்பு பெரும்பாலும் இந்த ஒளிப்பிலிருந்துதான் வருகிறது. கதவடியில் காலடி கேட்கிறதா என்று ஒரு காது நாள் முழுக்க வெளியே நிற்கிறது. அதுவும் வேலைதான், ஆனால் முடிவதில்லை. கூட்டுத்தொகைப் பிழையும் புதினமில்லை. ராடார் திரையைப் பார்த்திருப்பவர்கள் ஏன் குறிகளைத் தவறவிடுகிறார்கள் என்று 1948 இல் மக்வேர்த் என்ற ஆய்வாளர் சோதித்துப் பார்த்தார். எப்போதாவதுதான் மாற்றம் வரும் கடிகார முகப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் கவனம் அரை மணித்தியாலத்திலேயே இறங்கத் தொடங்கியது. தூண்டல் இல்லாத மனம் ஓய்வெடுப்பதில்லை, மழுங்குகிறது. பிறகு உண்மையான வேலை வரும்போது அது பாரமாகத் தெரியும். ‘எனக்கு இதுவும் ஏலாது’ என்ற எண்ணம் அங்கேதான் முளைக்கும்.

ஒளிப்பதில் இன்னொரு கேடும் உண்டு. ஐந்து மணித்தியால அறிக்கையை நாலு நாளுக்கு இழுத்தால், அது நாலு நாள் வேலை என்று உதவித் திட்டமிடல் பணிப்பாளர் நம்புவார். உங்களுக்கு வேறு வேலை தர அவருக்குக் காரணமே இராது.

முதலில் அளந்து பாருங்கள். 8.30 இலிருந்து 4.15 வரை கால் மணித்தியாலத் துண்டுகள் 31. சாப்பாட்டுக்கு மூன்றைக் கழித்தால் 28. ஒரு கொப்பியில் நாளுக்கு 28 பெட்டி கீறி, பத்து வேலை நாளுக்கு நிரப்புங்கள். உண்மை வேலைக்கு ‘வே’, இழுத்ததற்கு ‘இ’, வேறொருவரின் கையெழுத்துக்கோ விபரத்துக்கோ காத்திருந்ததற்குக் ‘கா’, நடித்ததற்கு ‘ந’. மத்தியானமும் போகும்போதும் மட்டும் நிரப்பினால் போதும். கொப்பி வீட்டுக்குப் போகட்டும், மேசையில் கிடக்க வேண்டாம்.

நீங்கள் எழுதியபடியே கணக்குப் பார்த்தால் பத்து நாளில் 280 பெட்டி. நாளுக்கு ஒரு மணித்தியாலம் என்றால் 40 பெட்டி, அறிக்கைக்கு 20. ஆக 60, ஐந்தில் ஒன்றைவிடச் சற்றுக் கூட. மிச்சத்தில் ‘கா’ அதிகமென்றால் உங்கள் சிக்கல் வேறு: வேலை இருக்கிறது, மேலே எங்கோ தேங்கி நிற்கிறது. ‘இ’யும் ‘ந’வும் அதிகமென்றால்தான் இந்தக் கடிதம் உங்களுக்கு.

அடுத்தது இழுப்பை நிற்பாட்டுவது. அறிக்கையை ஒரே நாளில் முடித்து, அடுத்த நாள் காலை ஒருமுறை சரிபார்த்துக் கொடுத்துவிடுங்கள். கை வெறுமையாக இருக்கும் முதல் கிழமை பயமாக இருக்கும். அந்தக் கிழமைக்குள் கேட்கப்போகும் வேலையைத் தயார் பண்ணுங்கள்.

‘எனக்கு வேலை காணாது சேர்’ என்று மட்டும் போய்ச் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் மற்றப் பிரிவுகளின் ஏவல் வேலை உங்கள் மேசைக்கு வரும், இல்லாவிட்டால் உங்கள் பெயர் இடமாற்றப் பட்டியலில் ஏறும். இன்ன வேலை என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அது ஒருவரின் கடமைப் பட்டியலிலும் இல்லாததாக, ஆனால் யாரோ தேடுவதாக, ஆறு கிழமையில் முடிவதாக இருக்க வேண்டும்.

உதாரணத்துக்கு ஒன்று. குடும்பத் தொகை, பெண் தலைமைக் குடும்பங்கள், மாற்றுத்திறனாளிகள் என்று ஒரே விபரத்தை வெவ்வேறு பிரிவுகள் வெவ்வேறு படிவத்தில் கிராம அலுவலரிடம் கேட்கின்றன. அவரும் ஒவ்வொரு முறையும் வேறு இலக்கம் கொடுப்பார். எந்தத் திகதிக்குரிய இலக்கம் என்று ஒருவரும் கேட்பதில்லை. இதற்கு ஒரே அட்டவணை செய்யலாம். வரிசைக்குக் கிராமத்தின் பெயரை வைக்காமல் கிராம அலுவலர் பிரிவின் ஜே இலக்கத்தை வையுங்கள். பெயரை ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி எழுதுவார்கள், இலக்கம் மாறாது. ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில் திகதிக்கு ஒரு நிரல், தந்தவரின் பதவிக்கு ஒரு நிரல். முதல் இரண்டு கிழமையில் மூன்று கிராம அலுவலர் பிரிவுகள் மட்டும். மாவட்டத்தின் 435 பிரிவுகளையும் கனவு காண வேண்டாம், உங்கள் செயலகத்துக்குரியது போதும். ஆட்களின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் அதில் வரக்கூடாது, தொகை மட்டும். சொந்த ஃபோனிலும் வாட்ஸ்அப்பிலும் அது சுற்றவும் கூடாது.

மூன்று பிரிவு முடிந்ததும் அச்செடுத்துக்கொண்டு போய்ச் சொல்லுங்கள்: “சேர், மாத அறிக்கை முடிஞ்சுது. இந்த மூன்று பிரிவுக்கும் விபரத்தை ஒரு இடத்தில சேர்த்திருக்கிறன். மற்றதையும் ஒரு மாதத்தில முடிக்கலாம். என்ர கடமைப் பட்டியலில இதைச் சேர்ப்பீங்களோ?” கடைசி வசனத்தை விட்டுவிடாதீர்கள். எழுத்தில் வராவிட்டால் வேலை உங்களுடையது, பெயர் வேறொருவருடையது என்றாகிவிடும். நவம்பர், டிசம்பரில் கேட்க வேண்டாம். ஒதுக்கீடு ஆண்டு முடிவுக்குள் செலவாக வேண்டிய அந்தரத்தில் அந்தப் பிரிவில் ஒருவருக்கும் காது இராது.

பிழைக்கக்கூடிய இடமும் உண்டு. பக்கத்து மேசையில் புள்ளிவிபரம் பார்ப்பவர் தன் காணிக்குள் வேலி போட்டதாக நினைக்கலாம். மேலே போக முதல் அவரிடம் காட்டி, ஒரு நிரலையாவது அவர் சொன்னபடி மாற்றுங்கள். ‘பாப்பம்’ என்ற பதில் வந்தால் மூன்று கிழமை பொறுத்து, இன்னும் இரண்டு பிரிவோடு திரும்பப் போங்கள். இரண்டாவது முறையும் ‘பாப்பம்’ என்றால் அந்தக் கதிரையில் வேலை இல்லை என்று விளங்கிக்கொள்ளலாம். ஆளணி கூடிப்போன இடத்தில் எந்த அட்டவணையும் வேலையை உண்டாக்காது. அப்போது வருடாந்த இடமாற்ற விண்ணப்பமும் வினைத்திறன்காண் தடைதாண்டல் பரீட்சையும்தான் வழி. பரீட்சைக்கு வீட்டில் படியுங்கள். மேசைக்குக் கீழே புத்தகம் வைத்துப் படித்தால் பழைய ஒளிப்புத்தான் வேறு உடுப்பில் வரும்.

ஒன்றை மட்டும் நீங்களே சோதித்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமையும் நல்லூர்த் திருவிழா நாட்களும் உங்களுக்குப் பழையபடி இனிக்கின்றனவா? இனித்தால் சிக்கல் கந்தோரில். இனிக்காமல், நித்திரையும் சாப்பாடும் குழம்பி இரண்டு கிழமைக்கு மேல் போனால் அது மனச்சோர்வாக இருக்கலாம். பெட்டி கீறி அது தீராது. யாழ் போதனா வைத்தியசாலையிலோ தெல்லிப்பழையிலோ மனநலப் பிரிவுக்குப் போங்கள். போக வெட்கமென்றால் முதலில் மனநல உதவி இலக்கமான 1926 க்கு எடுத்துக் கதையுங்கள்.

அம்மாவுக்கு ‘வேலை இல்லை’ என்று சொன்னால் விளங்காது. கொப்பியைக் காட்டிப் பாருங்கள், 28 பெட்டியில் ஆறு.