சவரக் கீறலில் படிகாரத்தை எப்போது வைக்க வேண்டும்?

கேள்வி: சவரம் செய்யும்போது தாடையில் பிளேடு கீறிவிட்டது. படிகாரக் கட்டியை உடனே தேய்த்தும் ரத்தம் நிற்கவில்லை, எரிச்சல்தான் மிச்சம். என்ன தவறு?

வரிசைதான் தவறு. படிகாரம் தோலின் மேற்பரப்பிலுள்ள புரதத்தை உறையவைத்து, திசுவைச் சுருங்கச் செய்கிறது. ரத்தம் வழிந்துகொண்டிருந்தால் அது கரைந்து ரத்தத்தோடு போய்விடும். தேய்த்தால் அப்போதுதான் உறையத் தொடங்கிய மெல்லிய படலமும் பிய்ந்துவிடும்.

முதலில் நுரையைக் குளிர்ந்த நீரில் கழுவுங்கள். வெந்நீர் ரத்தக் குழாய்களை விரியவைக்கும். பிறகு சுத்தமான துணியை மடித்துக் கீறலின் மேல் 2 அல்லது 3 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் எடுத்துப் பார்க்கவே கூடாது. பெரும்பாலோர் தோற்பது இங்கேதான். கசிவு ஊசிமுனைப் புள்ளியாகக் குறைந்ததும், படிகாரத்தை நனைத்து அந்த இடத்தில் 15 விநாடி அசையாமல் வையுங்கள். சுரீரென்று எரியும், உடனே அடங்கிவிடும்.

ஒரு நிமிடம் கழித்து தோலில் படிந்த படிகாரத்தைக் கழுவிவிடுங்கள். அப்படியே விட்டால் தோல் வறண்டு இழுக்கும். ஒற்றித் துடைத்து, கீறலில் மட்டும் மெல்லியதாகப் பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். மற்ற இடங்களுக்கு மணமில்லாத மாய்ஸ்சரைசர் போதும். ஆல்கஹால் கலந்த லோஷன் அன்றைக்கு வேண்டாம்.

கட்டியைக் கழுவி உலரவையுங்கள்; ரத்தம் பட்ட பொருள் என்பதால் வேறொருவருக்குக் கொடுக்காதீர்கள்.

வாய் பிளந்த ஆழமான வெட்டுக்குப் படிகாரம் உதவாது. 15 நிமிடம் விடாமல் அழுத்தியும் நிற்காவிட்டால் மருத்துவரிடம் செல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உட்கொள்பவர்களுக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் கசியும்.