முதலாளியின் கடிதமும் மூன்று எண்களும்

கேள்வி: குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் பால் கம்பெனியில் 2019-லிருந்து ஸ்டோர் சூப்பர்வைசராக இருக்கிறேன். இங்கிலாந்தில் நர்ஸாக வேலை செய்யும் அக்காவின் குழந்தைக்கு ஞானஸ்நானம். போக விசா கேட்டேன், மறுத்துவிட்டார்கள். முதலாளி கொடுத்த கடிதத்தில் 'பல வருடமாக எங்களிடம் பொறுப்பான பதவியில் இருக்கிறார், நல்ல சம்பளம் வாங்குகிறார், விசா தந்து உதவவும்' என்று மட்டும்தான் இருந்தது. இத்தனை வருடம் உழைத்தவனுக்கு ஒரு ஒழுங்கான கடிதம்கூட இல்லை. எனக்கு பேங்கில் 24,500, கையில் 12,000 தருகிறார்கள். பாரத்தில் 36,500 என்று போட்டேன். இப்போது கேட்டால், 'என்ன வேண்டுமோ நீயே அடித்துக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்' என்கிறார். அப்படியே செய்யலாமா? பழைய கடிதத்தால் போன விசா கட்டணத்துக்கு அவர் மேல் நோட்டீஸ் விடலாமா?

பதில்: நோட்டீஸ் வேண்டாம். வேலையில் இருப்பவருக்கு விசாவுக்கென்று கடிதம் கொடுத்தே ஆக வேண்டும் என்று முதலாளியைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை. கொடுத்த கடிதம் மோசமாக இருந்தது என்பதற்கு நஷ்டஈடும் கிடைக்காது. மரியாதை தரவில்லை என்ற வருத்தத்தை எந்த நீதிமன்றமும் அளந்து பார்க்காது. நாளைக்கு அதே முதலாளியின் கையெழுத்துதான் உங்களுக்குத் தேவை.

உங்கள் விஷயத்தில் சட்டப்படி முக்கியமானது ஒன்றுதான்: பாரத்தில் நீங்கள் எழுதிய 36,500. பேங்க் ஸ்டேட்மென்டில் மாதாமாதம் விழுவது 24,500. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள 12,000 எந்தக் காகிதத்திலும் இல்லை. கடிதம் தெளிவில்லாமல் இருந்ததால் அந்த இடைவெளியை விளக்க ஆளில்லாமல் போனது. அடுத்த விண்ணப்பத்தைப் பார்க்கும் அதிகாரியின் முன்னால் பழைய பாரமும் இருக்கும். அதனால் புதிய கடிதம் எவ்வளவு அழகாக இருந்தாலும், அந்தப் பழைய எண்ணுக்குப் பதில் சொல்லாவிட்டால் பயனில்லை.

முதலில் மறுப்புக் கடிதத்தை எடுத்து நிதானமாகப் படியுங்கள். உங்கள் வருமானத்தையும் சூழ்நிலையையும் வைத்து, திரும்பி வருவீர்கள் என்று நம்ப முடியவில்லை என்ற அளவில் காரணம் இருந்தால், தடை எதுவும் இல்லை. திருத்திக்கொண்டு மறுபடி விண்ணப்பிக்கலாம். பொய்யான ஆவணம் கொடுத்தீர்கள், ஏமாற்ற முயன்றீர்கள் என்று எழுதியிருந்தால் அது வேறு நிலைமை. அந்த விண்ணப்பம் மறுக்கப்பட்ட நாளிலிருந்து 10 வருடத்துக்குப் புதிய விண்ணப்பங்கள் தள்ளுபடியாகும். அப்படி ஒரு வரி இருந்தால் புதிய பாரம் எதையும் போடாமல் அந்தக் கடிதத்தோடு அந்த நாட்டுக் குடியேற்றச் சட்டம் தெரிந்த வக்கீலைப் பாருங்கள். அப்படி வரி இல்லை என்று வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன்.

'நீயே அடித்துக் கொண்டு வா' என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. அடிப்பது குற்றமில்லை. வரைவை ஊழியர் எழுதி முதலாளி படித்துக் கையெழுத்திடுவது எல்லா ஆபீசிலும் நடப்பதுதான். ஆனால் கையில் அந்த வசதி வந்ததும் எல்லோரும் ஒரே காரியத்தைச் செய்கிறார்கள்: சம்பளத்தை உயர்த்துகிறார்கள், பதவியை உயர்த்துகிறார்கள். உங்களைப் போலப் பழைய எண்ணோடு ஒத்துப்போக வேண்டியவர்கள் 36,500-ஐயே மறுபடி எழுதி, அதற்குப் பொருத்தமாகச் சம்பளச் சீட்டும் தயாரிக்கிறார்கள். பயண ஏற்பாடு செய்து தருகிறவர்களும் டைப்பிங் சென்டர்களும் இதை ஒரு சேவையாகவே செய்து தருகின்றன. அங்கேதான் சாதாரண மறுப்பு 10 வருடத் தடையாக மாறுகிறது. அதிகாரி குற்ற வழக்கு அளவுக்கு நிரூபிக்க வேண்டியதில்லை. பொய் என்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். விசிட்டர் விசா மறுப்புக்குச் சாதாரண அப்பீலும் கிடையாது. மறுபடி விண்ணப்பிக்கலாம், இல்லையென்றால் லண்டனில் பெரிய செலவு செய்து நீதிமன்ற மறுஆய்வு கேட்கலாம். அந்தப் பதிவு இங்கிலாந்தோடு நிற்காது. கனடா, ஆஸ்திரேலியா பாரங்களிலும் எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டதா என்று கேட்பார்கள். கனடாவில் பொய்த் தகவலுக்குத் தனியாக 5 வருடத் தடை உண்டு.

நம் ஊர் சட்டத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. அதிகாரம் உள்ளவர் தானே கையெழுத்திட்ட கடிதத்தில் தகவல் பொய்யாக இருந்தால் அது பொதுவாக ஃபோர்ஜரி ஆகாது, மோசடி என்ற பக்கத்தில்தான் கேள்வி எழும். ஆனால் லெட்டர்ஹெட்டை எடுத்து முதலாளியின் கையெழுத்தை நீங்களே போட்டாலோ, அவர் கையெழுத்திட்ட பிறகு ஓர் எண்ணை மாற்றினாலோ, அது பாரதிய நியாய சன்ஹிதா 336-இன் கீழ் வரும். ஏமாற்றும் நோக்கத்தோடு செய்தால் 7 வருடம் வரை சிறை. 'முதலாளி போனில் சரி என்றார்' என்பது பின்னால் நிற்காது, ஏனென்றால் பிரச்சினை வந்த அன்று அவர் அப்படிச் சொன்னதாக ஒப்புக்கொள்ள மாட்டார்.

முதலாளி ஏன் தெளிவாக எழுதத் தயங்குகிறார் என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். கையில் தரும் 12,000-ஐச் சம்பளம் என்று லெட்டர்ஹெட்டில் எழுதினால், அது அவரே கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம். பி.எஃப். அலுவலகமோ வருமான வரித்துறையோ அதைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குக் கேட்கலாம். 24,500 மட்டும் எழுதினால் நீங்கள் கோபப்படுவீர்கள் என்று நினைக்கிறார். இரண்டுக்கும் நடுவில் 'நல்ல சம்பளம்' என்று எழுதித் தப்பித்துக்கொண்டார்.

அதனால் என் யோசனை: சமரசம் செய்யுங்கள். கையில் வரும் பணம் கடிதத்தில் வேண்டாம் என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். பதிலுக்கு, காகிதத்தில் உள்ளதை ஒரு ரூபாய்கூட மாறாமல் எழுதித் தரச் சொல்லுங்கள். இந்தப் பேரத்துக்கு அவர் சம்மதிப்பார்.

இங்கிலாந்து விசாவுக்கான அரசு வழிகாட்டி முதலாளியின் கடிதத்தில் கேட்பது பதவி, சம்பளம், எவ்வளவு காலமாக வேலை என்ற மூன்றும்தான். அவர்கள் கேட்பதற்கு மேல் பாராட்டு வேண்டாம், பரிந்துரை வேண்டாம், 'திரும்பி வருவார் என்று உறுதி அளிக்கிறோம்' என்ற வரியும் வேண்டாம். யாரும் அந்த உறுதியை அளிக்க முடியாது என்று அதிகாரிக்குத் தெரியும். கடிதத்தை ஆங்கிலத்தில் அடியுங்கள். உள்ளடக்கம் இப்படி இருக்கட்டும்:

'இவர் எங்கள் நிறுவனத்தில் ஸ்டோர் சூப்பர்வைசர். ரப்பர் பால் வரவு, இருப்புப் பதிவேடு, ரசாயனப் பொருட்கள் வழங்கல் ஆகியவற்றைக் கவனிக்கிறார். முழுநேர, நிரந்தர ஊழியர். 10.06.2019 அன்று எங்கள் முந்தைய தனிநபர் நிறுவனத்தில் சேர்ந்தார். அந்தத் தொழிலை எங்கள் பிரைவேட் லிமிடெட் கம்பெனி ஏற்றதைத் தொடர்ந்து 01.04.2022 முதல் இங்கே பணிபுரிகிறார். மாத மொத்தச் சம்பளம் ரூ. 26,300. பி.எஃப். பிடித்தம் ரூ. 1,800 போக ரூ. 24,500 வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை 20 நாள் விடுப்பு அனுமதிக்கப்பட்டுள்ளது. அதில் 12 நாள் சம்பளத்துடன், 8 நாள் சம்பளமில்லாமல். இன்ன தேதி மீண்டும் இதே பதவியில் பணிக்கு வர வேண்டும்.'

தேதிகள், மொத்தச் சம்பளம், பிடித்தம், விடுப்பு நாட்கள் எல்லாம் மாதிரிக்குத்தான் போட்டிருக்கிறேன், உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரிலும் சம்பளச் சீட்டிலும் இருப்பதை எழுதுங்கள். தனிநபர் நிறுவனம் பிரைவேட் லிமிடெட் ஆன விஷயம் உங்களுக்கும் இருந்தால் அந்த வாக்கியம் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் கடிதம் 2019 என்று சொல்லும், பி.எஃப். பாஸ்புக் 2022 என்று சொல்லும், அதிகாரி இரண்டில் ஒன்று பொய் என்று எடுத்துக்கொள்வார். 'சேவை தொடர்ச்சி உண்டு' என்ற சொற்களைக் கேட்டு முதலாளியிடம் பிடிவாதம் பிடிக்காதீர்கள். அது கிராஜுவிட்டி கேள்வி. உங்கள் உரிமை அந்தக் கடிதத்தால் வருவதுமில்லை, போவதுமில்லை, அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம். மொத்தச் சம்பளம், கைக்கு வருவது என்று இரண்டையும் எழுதச் சொல்வதற்கும் காரணம் உண்டு. பாரம் வரி போக வருமானத்தைக் கேட்கும், சம்பளச் சீட்டில் மொத்தம் இருக்கும், பேங்கில் பிடித்தம் போன தொகை விழும். கடிதம் அவற்றை இணைத்துக் காட்டாவிட்டால் ஒரே சம்பளம் மூன்று விதமாகத் தெரியும். தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை பிடிக்கிறார்கள், அந்த மாதம் பேங்கில் குறைவாக விழும். அதற்குச் சம்பளச் சீட்டை இணைத்தால் போதும்.

பதவியில் ஆசைப்படாதீர்கள். விசிட்டிங் கார்டில் மேனேஜர் என்று அடித்திருக்கலாம், ஆர்டரில் சூப்பர்வைசர் என்றால் சூப்பர்வைசர்தான். கையெழுத்திடுபவர் பெயர், பதவி, நேரடி போன் எண், கம்பெனி மின்னஞ்சல் கடிதத்தில் இருக்க வேண்டும். கம்பெனியின் லெட்டர்ஹெட்டில் பதிவு முகவரியும் சி.ஐ.என். என்ற கம்பெனி அடையாள எண்ணும் இருக்க வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். தெரிந்தவரிடம் அடித்த லெட்டர்ஹெட்டில் அடிக்கடி விடுபடுவது அந்த எண்தான். சரிபார்க்க ஆபீஸ் போனுக்கு அழைப்பு வரலாம். எடுப்பவர் 'அப்படி ஒருத்தர் குடோனில் இருக்கிறாரே, என்ன பதவியோ' என்று சொன்னால் கடிதமே சந்தேகமாகிவிடும். அந்த மேசையில் உட்காருபவரிடம் கடிதத்தின் நகலைக் கொடுத்து வையுங்கள்.

இனி அந்த 12,000. அதற்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள், உங்கள் சொந்த விளக்கக் கடிதத்தில், இரண்டே வரியில்: முந்தைய விண்ணப்பத்தில் குறிப்பிட்ட 36,500-இல் ரொக்கமாகக் கிடைத்த 12,000 சேர்ந்திருந்தது, அதற்கு ஆவணம் இல்லாததால் இப்போது ஆவணப்படி உள்ள 24,500-ஐ மட்டும் குறிப்பிடுகிறேன். இது உண்மை, அதனால் எத்தனை முறை கேட்டாலும் மாறாது. இப்படி எழுதுவது முதலாளியைத் தொடும் என்பதால் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மறைத்து எழுதினால் கடிதமும் போகும், வேலையும் போகும். நீங்களும் வருமான வரிக் கணக்கில் ரொக்கத்தைச் சேர்த்துக் காட்டுங்கள். ஆண்டுக்குச் சுமார் 4,60,000 என்ற அளவில், புதிய வரி முறையில் தள்ளுபடி போக உங்களுக்கு வரி வராது. புதிய பாரத்தில் முன்பு மறுக்கப்பட்டதா என்ற கேள்விக்கு 'ஆம்' என்று போட்டு, தேதியும் காரணமும் எழுதுங்கள். அதை மறைப்பதும் ஏமாற்று வேலையாகவே கணக்கில் வரும்.

24,500-இல் பயணச் செலவு எப்படி வரும் என்று அதிகாரி கேட்பார். விமானக் கட்டணத்தையும் தங்குமிடத்தையும் அக்கா ஏற்பதாக அவருடைய கடிதம், அவருடைய சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட், அங்கே இருப்பதற்கான அனுமதி ஆவணம் ஆகியவற்றை இணையுங்கள். விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் உங்கள் கணக்கில் திடீரென்று இரண்டு லட்சம் போட்டு வைப்பது, நல்ல கடிதத்தையும் சேர்த்துக் கெடுக்கும். ஞானஸ்நானத் தேதிக்குள் இவை எல்லாம் சேராது என்றால் தேதியைத் தள்ளி வைக்க அக்காவிடம் கேளுங்கள், பாதிக் காகிதத்தோடு விண்ணப்பிக்க வேண்டாம்.