படுத்தால் கலையும் தூக்கம்

மதிப்பிற்குரிய அம்மா,

எம்பிபிஎஸ் படிப்பையும் ஹவுஸ் சர்ஜன் பயிற்சியையும் முடித்துவிட்டு, மருத்துவ மேற்படிப்புக்கான நீட் பிஜி தேர்வுக்காகத் திருச்சியிலிருந்து டெல்லிக்கு வந்து, கௌதம் நகரில் மொட்டை மாடி அறை ஒன்றில் தங்கிப் படிக்கிறேன். சென்ற முறை கிடைத்த ரேங்கில் விரும்பிய துறை கிடைக்கவில்லை. அடுத்த தேர்வுக்கு மூன்று மாதங்கள்தான் இருக்கின்றன.

நாள் முழுவதும் நூலகத்தில்தான் இருக்கிறேன். மதிய உணவுக்கு அறைக்கு வந்தால் என்னையறியாமல் இரண்டு மணி நேரம் தூங்கிவிடுகிறேன். இரவு 10 மணிக்குத் திரும்பி, தேநீர் குடித்துவிட்டு, கட்டிலில் அமர்ந்து கிராண்ட் டெஸ்ட் எனும் மாதிரித் தேர்வில் தவறவிட்ட கேள்விகளைப் பார்க்கிறேன். 11 மணிக்கு விளக்கை அணைத்தாலும் 2 அல்லது 2.30 வரை தூக்கம் வருவதில்லை. விடியற்காலையில் விழித்து, காலை 8.30 வரை புரண்டுகொண்டிருக்கிறேன். ஆனால் மலை மந்திருக்கு ஆட்டோவில் போகும்போது உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறேன். அக்காவின் வளைகாப்புக்குத் திருச்சி போயிருந்தபோது நன்றாகத் தூங்கினேன், எல்லோருடனும் சிரித்துப் பேசினேன்.

படித்த பக்கத்தையே திரும்பத் திரும்பப் படிக்கிறேன். மதிப்பெண் இறங்குகிறது. ஒரு காலத்தில் ஆசையாகப் பேசிய கேஸ்கள் இப்போது வெறுப்பைத் தருகின்றன. தூக்கத்துக்காக அல்ப்ராசோலம் மாத்திரையைச் சில இரவுகள் எடுத்துப் பார்த்தேன். அம்மா, “ஒன்பது மணிக்கே படுத்துக்கொள்” என்கிறார். நான் என்ன செய்வது?

– ஒரு மருத்துவர், டெல்லி

அன்புள்ள டாக்டருக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்டவை ஆட்டோவும் வளைகாப்பும்தான். தூங்கும் திறன் உங்கள் உடலில் அப்படியே இருக்கிறது என்பதை அவை காட்டுகின்றன. கௌதம் நகர் அறையில் இருக்கும் அந்தக் கட்டிலில் மட்டுமே அது வேலை செய்வதில்லை. பல மாதங்களாக அந்தக் கட்டிலில் நீங்கள் தவறிய கேள்விகளை எண்ணியிருக்கிறீர்கள், ரேங்கைக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள், தூக்கம் வரவில்லையே என்று பதறியிருக்கிறீர்கள். ஆகவே அதில் சாய்ந்தவுடன் விழித்துக்கொள்ள வேண்டும் என்று உடல் பழகிவிட்டது. நாள்பட்ட தூக்கமின்மையில் பரவலாகக் காணப்படும் ஒரு வடிவம் இது. இதற்கு முதலில் பரிந்துரைக்கப்படும் சிகிச்சை மாத்திரை அன்று. தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, அதாவது சிபிடி-ஐ.

அம்மாவின் அறிவுரை அன்பிலிருந்து வருவது. ஆனால் உங்கள் நிலையில் அது எதிர்விளைவையே தரும். தூக்கத்தை வரவழைப்பவை இரண்டு. ஒன்று, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் சேர்ந்துகொண்டே போகும் தூக்க அழுத்தம். மற்றொன்று, ஏறக்குறைய 24 மணி நேரச் சுழற்சியில் ஓடும் உடற்கடிகாரம். மதியத்தில் இரண்டு மணி நேரம் தூங்கும்போது, இரவுக்காகச் சேர்ந்திருந்த அழுத்தத்தில் கணிசமான பகுதியைச் செலவழித்துவிடுகிறீர்கள். 8.30 வரை படுத்திருப்பதால் கடிகாரமும் தாமதமாகிக்கொண்டே போகிறது. இந்நிலையில் 9 மணிக்கே படுத்தால் தூக்கம் கூடாது. விழித்தபடி படுத்திருக்கும் நேரம்தான் கூடும்.

எனவே நான் சொல்லப்போவது உங்களுக்கு விபரீதமாகத் தோன்றலாம்: கட்டிலில் இருக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும். முதலில் ஒரு வாரம், காலையில் எழுந்ததும், எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், உத்தேசமாக எப்போது தூங்கினீர்கள், இடையில் எவ்வளவு நேரம் விழித்திருந்தீர்கள், எப்போது எழுந்தீர்கள் என்று எழுதிவையுங்கள். இரவில் கடிகாரம் பார்த்து எழுதக் கூடாது. காலையில் தோன்றும் மதிப்பீடே போதும். 11 முதல் 8.30 வரை கட்டிலில் ஒன்பதரை மணி நேரம் இருக்கிறீர்கள். அதில் தூங்கியது சராசரியாக ஐந்தரை மணி நேரம் என்று வருவதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் படுத்திருந்த நேரத்தில் 58 விழுக்காடுதான் தூக்கம். இது 85 விழுக்காட்டைத் தொட வேண்டும்.

உங்கள் தேர்வு காலை நேரத்தில் நடப்பது. 2025-இல் 9 மணிக்குத் தொடங்கியது. ஆகவே எழும் நேரத்தை 6 மணி என்று நிலைநிறுத்திவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமையானாலும், முந்தைய இரவு எவ்வளவு மோசமாகக் கழிந்திருந்தாலும் அதில் மாற்றம் இல்லை. அங்கிருந்து ஐந்தரை மணி நேரம் பின்னால் எண்ணினால் 12.30 வருகிறது. அதற்கு முன் கட்டிலை நெருங்கக் கூடாது. 12.30 ஆகியும் கண் சொக்கவில்லை என்றால், சொக்கும்வரை நாற்காலியிலேயே இருங்கள். படுத்து ஏறத்தாழ இருபது நிமிடங்கள் ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து நாற்காலிக்குப் போய், மங்கிய வெளிச்சத்தில் பாடத்துக்குச் சம்பந்தமில்லாத ஏதேனும் ஒன்றை வாசித்துவிட்டு, தூக்கம் தள்ளும்போது திரும்புங்கள். ஒரே இரவில் மூன்று முறை எழ நேர்ந்தாலும் எழுங்கள். ஒரு வாரச் சராசரியில், படுத்திருக்கும் ஐந்தரை மணி நேரத்தில் நாலே முக்கால் மணி நேரம் தூங்கிவிட்டால், படுக்கும் நேரத்தை 12.15 ஆக்கலாம். இப்படி வாரத்துக்குப் பதினைந்து நிமிடமாக நீட்டிச் சென்றால், சுமார் ஆறு வாரங்களில் 11 மணிக்குப் படுத்து 6 மணிக்கு எழும் நிலை வந்துவிடும். எந்த வாரத்திலும் ஐந்தரை மணி நேரத்துக்குக் கீழே போக வேண்டாம்.

முதல் பத்து நாட்கள் கடினமாக இருக்கும் என்பதை மறைக்க விரும்பவில்லை. பகலில் தலை கனக்கும், மதிப்பெண் இன்னும் சற்று இறங்கக்கூடும். பெரும்பாலானவர்கள் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். அந்த நாட்களில் ஸ்கூட்டர் ஓட்டாதீர்கள். தேர்வுக்குக் கடைசி இரண்டு வாரங்கள் இருக்கும்போது இதைத் தொடங்குவது தவறு. மூன்று மாதங்கள் இருக்கும் இப்போதுதான் சரியான நேரம். வலிப்பு நோயோ இருமுனை மனநோயோ உங்களுக்கு இருந்தால் இந்த முறையை நீங்களாகவே கையாளக் கூடாது. தூக்கத்தைக் குறைப்பது அந்நோய்களைத் தூண்டிவிடும்.

மதியம் உணவை நூலகத்துக்கு அருகிலேயே முடித்துக்கொள்ளுங்கள். அறைக்குப் போனால் கட்டில் வென்றுவிடும். தாங்கவே முடியாத நாளில், 3 மணிக்கு முன்பாக, மேசையில் தலை சாய்த்து இருபது நிமிடம் அலாரத்துடன் தூங்கலாம். காஃபீனில் பாதி உடலைவிட்டு வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும் என்பதை நீங்களே படித்திருப்பீர்கள்; 10 மணித் தேநீர் 3 மணி வரை என்ன செய்கிறது என்று நான் விளக்க வேண்டியதில்லை. கடைசிக் கோப்பை மதியம் 2 மணியோடு முடியட்டும். உடலின் உள்வெப்பம் சற்றுத் தணிந்தால்தான் தூக்கம் பிடிக்கும். டெல்லியின் ஜூன் மாதத்து மொட்டை மாடி அறை அதற்கு எதிரி. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பாக வெதுவெதுப்பான நீரில் குளியுங்கள்; உள்வெப்பம் தோல் வழியே வெளியேற அது உதவும். கூலரை ஓடவிடும்போது ஜன்னலைத் திறந்துவையுங்கள், மூடிய அறையில் அது புழுக்கத்தையே கூட்டும்.

இனி, வெறுப்பைப் பற்றி. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐசிடி-11, பர்ன்அவுட் எனப்படும் பணிச்சோர்வை நோயாக அல்ல, பணி சார்ந்த நிலையாகவே வகைப்படுத்துகிறது. ஆகவே தேர்வுக்குப் படிப்பவருக்கு அந்தப் பெயர் பொருந்துமா என்று பண்டிதர்கள் வாதிடட்டும். அது சொல்லும் மூன்று கூறுகளும், அதாவது வற்றிப்போன உணர்வு, செய்யும் வேலையின் மீது விலகல், செய்வது பயன்படவில்லை என்ற எண்ணம் ஆகிய மூன்றும் உங்கள் கடிதத்தில் இருக்கின்றன. இவற்றில் மூன்றாவதைத்தான் முதலில் கையாள முடியும். நீங்கள் நாளை மணிக்கணக்கில் அளக்கிறீர்கள். பன்னிரண்டு மணி நேரம் அமர்ந்தாலும் ‘இன்னும் படித்திருக்கலாம்’ என்ற கடன் மிஞ்சும். தேர்வின் 200 கேள்விகளும் 40 கேள்விகளுக்கு 42 நிமிடம் என்ற பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன அல்லவா? உங்கள் நாளையும் அப்படி எல்லையுள்ள துண்டுகளாக அமைத்துக்கொள்ளுங்கள். கியூபேங்க் எனும் வினா வங்கியிலிருந்து 40 கேள்விகள், உடனே அவற்றின் விளக்கம், பிறகு எழுந்து சிறிது நடை. அவ்வளவுதான் ஒரு துண்டு. காலையில் எத்தனை துண்டுகள் என்று முடிவுசெய்து, அவை முடிந்ததும் அன்றைய படிப்பு முடிந்தது என்று நோட்டை மூடிவிடுங்கள்.

கிராண்ட் டெஸ்டைக் காலை 9 மணிக்கே எழுதி, தவறுகளை அன்று பிற்பகலிலேயே பாருங்கள். இரவு 9 மணிக்குப் பிறகு மதிப்பெண் தொடர்பான எதையும் திறக்க வேண்டாம். அப்போதும் மனத்தில் சுற்றுபவை இருந்தால், ஒரு தாளில் ‘அமினோகிளைகோசைடு மறக்கிறது – நாளை இரண்டாம் துண்டில்’ என்பதுபோல, எப்போது கவனிக்கப்போகிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள். வெறும் கவலையைவிட, நேரம் குறிக்கப்பட்ட கவலை எளிதில் அடங்கும்.

அல்ப்ராசோலம் குறித்து ஒரு மருத்துவரிடம் கண்டிப்பாகவே பேசுகிறேன். அது முதல் இரவுகளில் உதவும். பிறகு அதே அளவு போதாமல் போகும், விட்டால் தூக்கமின்மை முன்னைவிடக் கடுமையாகத் திரும்பும். மேலும் அது புதிய செய்திகள் நினைவில் பதிவதைப் பாதிக்கும் மருந்து. நினைவையே நம்பித் தேர்வெழுதும் ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமற்ற துணை இல்லை. சில இரவுகளோடு நிறுத்தியிருந்தால் நல்லது. வாரக்கணக்கில் தினமும் எடுத்திருந்தால், திடீரென்று நிறுத்தாமல் மனநல மருத்துவரிடம் சென்று படிப்படியாகக் குறைக்க வேண்டும். உங்களுக்கு நீங்களே சீட்டு எழுதிக்கொள்வது வேண்டாம்.

திருச்சியில் சிரிப்பு திரும்பியது ஒரு நல்ல அறிகுறி. இடம் மாறியதும் மனம் இளகுவது பர்ன்அவுட்டின் பக்கமே சாய்கிறது. மாறாக, வீட்டுக்குப் போனாலும் எதிலும் மகிழ்ச்சி இல்லை, உணவு இறங்கவில்லை, குற்ற உணர்வு விடவில்லை என்ற நிலை இரண்டு வாரங்கள் நீடித்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்குத் தனிச் சிகிச்சை தேவை. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப்பார்த்தாலும் காத்திருக்காமல் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

இன்னும் ஒன்று. 2024-இல் ஜூன் 23 அன்று நடக்கவிருந்த நீட் பிஜி முந்தைய இரவில் ஒத்திவைக்கப்பட்டு, ஆகஸ்ட் 11 அன்று நடந்தது. அப்படி ஏதும் நேர்ந்தாலும் 6 மணி எழுச்சியை மட்டும் விட்டுவிடாதீர்கள். தேர்வுக்கு முந்தைய இரவு ‘நன்றாகத் தூங்க வேண்டும்’ என்று சீக்கிரம் படுக்காமல், வழக்கமான நேரத்துக்கே படுங்கள். அன்று தூக்கம் குறைந்தாலும், முந்தைய வாரங்கள் ஒழுங்காக இருந்திருந்தால் மூன்றரை மணி நேரத் தேர்வைத் தாங்கும் விழிப்பு உங்களிடம் இருக்கும். முதல் வாரக் குறிப்புகளை எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள். சராசரி ஐந்தரை மணி நேரமாக வராவிட்டால் 12.30 என்ற கணக்கை மாற்ற வேண்டியிருக்கும்.